ஏழாவது நிமிடத்தில் எந்த அட்டை கையில் இருக்க வேண்டும்?

பவர்பாயிண்டில் ஒவ்வொரு படவில்லைக்கும் கீழே 'Notes' என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. பேசப்போவதைப் பலரும் அதில் வரிக்கு வரி தட்டச்சு செய்து வைத்துவிடுகிறார்கள். எழுதிப் பார்ப்பதற்கு அது நல்ல இடம்தான். ஆனால் மேடையில் நின்று பார்ப்பதற்கு அது உதவுவதில்லை. சமூக மன்றத்திலோ நூலக அரங்கிலோ கணினி ஏற்பாட்டாளர்களுடையதாக இருக்கும். ஒரு மூலையில் மேசைமீது இருக்கும். பெரிய திரையில் தெரிவதேதான் அதிலும் தெரியும். குறிப்புகள் பேச்சாளருக்கு மட்டும் தெரியும் Presenter View வசதியை அங்கே நிமிடக் கணக்கில் சரிசெய்து கொடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கடைசியில் எட்டு ஏ4 தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் படிப்பதில் வந்து முடிகிறது.

குறிப்புகளை அட்டைகளாக மாற்றி, அட்டைகளில் நேரத்தைக் குறித்து ஒத்திகை பார்ப்பது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம். உண்மையில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த தாதி ஒருவர், ஒரு சமூக மன்றத்தில் முதியோருக்குத் தமிழில் பேச வேண்டியிருந்தது. நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. அவருக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம், படவில்லைகள் எட்டு. "அண்ணே, பத்து நிமிஷத்துல முடியுமான்னு கொஞ்சம் பாருங்க" என்று கோப்பை அனுப்பியிருந்தார்.

கோப்பைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது எட்டாவது படவில்லையை. எப்போது காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அதில்தான் இருந்தது: ஆறாத புண், சிவப்பு, வீக்கம், சீழ், கறுத்துப்போன விரல், கூடவே காய்ச்சல். வீட்டுக்குப் போகும்போது அந்த முதியவர்களின் நினைவில் ஒன்றே ஒன்று தங்க வேண்டுமென்றால் அது இதுதான். ஆனால் நேரம் மிஞ்சும்போது எல்லாப் பேச்சிலும் அடிபடுவது கடைசிப் படவில்லை. "நேரமாச்சு, இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று ஒரு நொடி காட்டிவிட்டு இறங்குவதை எத்தனை கூட்டங்களில் பார்த்திருக்கிறோம்!

முதல் வேலை, குறிப்புகளைக் கோப்பிலிருந்து வெளியே எடுப்பது. விண்டோஸ் கணினியில் இருக்கும் பவர்பாயிண்ட் என்றால் File, Export, Create Handouts என்று போய் 'Notes next to slides' என்பதைத் தேர்ந்தெடுத்தால், படவில்லையின் சிறு படமும் அதன் குறிப்பும் பக்கத்துப் பக்கமாக ஒரு வேர்ட் கோப்பாக வந்துவிடும். கூகல் சிலைட்ஸ் பயன்படுத்துபவர்கள் File, Print preview என்று போய் '1 slide with notes' என்ற அமைப்பைத் தேர்ந்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து நகலெடுக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் ஒரு படவில்லையாவது விடுபட்டுப் போகும்.

தாள் கைக்கு வந்ததும் வெட்டத் தொடங்கிவிடாதீர்கள். ஒருமுறை நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசுங்கள். மனத்துக்குள் படிப்பது கணக்கில் சேராது. வாயால் சொல்வதைவிட அது எப்போதும் வேகமாகத்தான் போகும். பேசுவது என்றால் குறிப்பில் இருக்கும் எழுத்துத் தமிழை அப்படியே ஒப்பிப்பதும் இல்லை. அவருடைய குறிப்பில் "பாதங்களை நாள்தோறும் பரிசோதித்துக்கொள்ளுதல் அவசியமாகும்" என்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லப்போவது "தினமும் காலைக் குனிஞ்சு பாருங்க, முடியலைன்னா கண்ணாடியைக் கீழ வச்சுப் பாருங்க" என்பதுதான். இரண்டுக்கும் ஆகும் நேரம் வேறு வேறு. நீங்கள் அளக்க வேண்டியது இரண்டாவதை.

இன்னொன்று. ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. 'போகவேண்டியிருந்ததால்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது நாலைந்து சொல்லாகிவிடும். ஆகவே சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கைபேசியிலுள்ள ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். படவில்லை மாறும்போதெல்லாம் 'Lap' பொத்தானை ஒருமுறை தட்டினால் போதும். பேசி முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமானது என்ற பட்டியல் தானாகவே திரையில் இருக்கும்.

தாதியின் முதல் அளவு இது. வணக்கமும் அறிமுகமும் 50 விநாடி. நரம்பு பாதிக்கப்பட்டால் காலில் உணர்ச்சி எப்படிக் குறைகிறது என்பதற்கு 2 நிமிடம் 10 விநாடி. ரத்த ஓட்டம் 1:40. தினமும் காலைப் பார்ப்பது 1:50. கழுவுவது, விரலிடுக்கைத் துடைப்பது, களிம்பு பூசுவது 1:30. நகம் வெட்டுவது 1:00. காலணி 2:20. ஆபத்து அறிகுறிகள் 1:40. கூட்டினால் சரியாக 13 நிமிடம். கொடுத்த நேரத்துக்கு மூன்று நிமிடம் அதிகம்.

இப்படி வந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவோம், அல்லது கொஞ்சம் வேகமாகப் பேசிவிடுவோம் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டும் வேண்டாம். முதியோர் கூட்டத்தில் வேகமாகப் பேசினால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும்.

பத்து நிமிடம் கொடுத்தால் ஒன்பது நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். ஒலிவாங்கியைச் சரிசெய்வது, படவில்லை நகராமல் நிற்பது, யாரோ ஒரு பாட்டி நடுவில் கேள்வி கேட்பது என்று மீதி ஒரு நிமிடம் தானே செலவாகிவிடும். ஆபத்து அறிகுறிகளை நிதானமாகச் சொல்லி இன்னொரு முறையும் சொல்ல வேண்டும். அதற்கு 1:40 போதாது, முழுதாக 2 நிமிடம் கொடுத்தோம். அப்படியானால் எட்டாவது படவில்லை 7:00-க்குத் தொடங்கியே ஆக வேண்டும். அந்த 7:00 மட்டும் இனி அசையாது. முன்னால் இருக்கும் ஏழும், இப்போது 11 நிமிடம் 20 விநாடி எடுப்பவை, ஏழு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். வெட்ட வேண்டியது 4 நிமிடம் 20 விநாடி.

எதை வெட்டுவது என்பதை அவரேதான் முடிவு செய்தார். நரம்பும் ரத்த ஓட்டமும் சேர்ந்து 3:50 எடுத்தன. காரணங்களை விளக்குவது தாதிக்குப் பிடித்த பகுதி. முதியோருக்கு வேண்டியது "முள் குத்தினாலும் தெரியாது, புண் வந்தாலும் சீக்கிரம் ஆறாது" என்ற இரண்டு செய்திகள் மட்டும். இரண்டு படவில்லைகளையும் ஒன்றாக்கி 1:20-க்குக் கொண்டுவந்தார். அதில் மட்டும் இரண்டரை நிமிடம் மிச்சம். காலணியை 2:20-இலிருந்து 1:10 ஆக்கினார். அறிமுகத்தில் 20 விநாடி, தினமும் பார்ப்பதில் 20 விநாடி குறைந்தன. கழுவுவதையும் நகத்தையும் தொடவில்லை. ஆக 2:30, 1:10, 0:20, 0:20, மொத்தம் 4:20. கணக்கு நேராகிவிட்டது.

இனி அட்டைகள். மூன்றுக்கு ஐந்து அங்குலம் உள்ள கெட்டி அட்டைகள் எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கெட்டியான ஏ4 தாளை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். மேடையில் அட்டையைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். இடது மேல் மூலையில் துளையிட்டு ஒரு வளையம் போட்டுவிட்டால், கீழே விழுந்தாலும் வரிசை குலையாது. வளையம் இல்லாதவர்கள் அட்டை எண்ணைப் பெரிதாக எழுதியே ஆக வேண்டும்.

குறிப்பை அப்படியே சிறிய எழுத்தில் அட்டைக்கு மாற்றினால் அதுவும் ஒரு சின்ன ஏ4 தாள்தான். அட்டையில் முழு வாக்கியமாக இருக்க வேண்டியவை இரண்டு: தொடங்கும் வாக்கியம், அடுத்த படவில்லைக்கு அழைத்துப்போகும் வாக்கியம். மனிதர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். நடுவில் இருப்பவை வெறும் சொற்கள் போதும். எண், மருந்தின் பெயர், ஆளின் பெயர் ஆகியவற்றை மட்டும் சுருக்காமல் எழுதுங்கள்.

காலணிப் படவில்லையின் குறிப்பு முதலில் இப்படி இருந்தது: "நீரிழிவு நோயாளிகள் வீட்டிற்கு உள்ளேயும் வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்க்க வேண்டும். காலணி வாங்கச் செல்லும்போது பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காலணியை அணிவதற்கு முன் உள்ளே கல், முள் போன்றவை உள்ளனவா எனக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். புதிய காலணியை முதல் நாளிலேயே நீண்ட நேரம் அணிதல் கூடாது." இதற்கு மேலும் நான்கு வரி இருந்தது. அட்டையில் அது இப்படியானது:

6  |  5:50
"வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க."
– மாலையில் வாங்கு
– உள்ளே கைவிட்டுத் தடவு (செய்து காட்டு)
– [புதுசு: கொஞ்சம் கொஞ்சமா]
"இவ்வளவு பார்த்தும் புண் வந்துட்டா?"  ▶

மேலே இடப்பக்கம் அட்டை எண். நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் ஒன்றாக்கியதால் பழைய ஏழாவது இப்போது ஆறாவது. ஆபத்து அறிகுறிகள் ஏழாவது அட்டை. முக்கோணக் குறி, 'இங்கே பொத்தானை அழுத்து' என்பதற்கு. அது கடைசி வாக்கியத்துக்குப் பிறகு இருப்பதைக் கவனியுங்கள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் படவில்லையை மாற்றினால் கூட்டம் விடைக்காகத் திரையைப் பார்க்கும். முன்பே மாற்றிவிட்டால் அவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கேள்வி காதில் விழாது. சதுர அடைப்புக்குள் இருப்பது நேரம் தட்டினால் விட்டுவிட வேண்டியது. எதை விடுவது என்று மேடையில் நின்று யோசிக்கக் கூடாது. வீட்டிலேயே அடைப்புப் போட்டுவிட வேண்டும்.

அந்த 5:50 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பலர் அட்டையில் '1 நிமிடம் 10 விநாடி' என்று அந்த அட்டைக்கு ஆகும் நேரத்தை எழுதுகிறார்கள். மேடையில் அது எதற்கும் பயன்படாது. எவ்வளவு கடந்துவிட்டது என்று அறிய முன்னால் உள்ள எல்லா அட்டைகளையும் கூட்ட வேண்டியிருக்கும். பேசிக்கொண்டே யார் கூட்டுவது? அட்டையில் இருக்க வேண்டியது, இந்த அட்டை தொடங்கும்போது கடிகாரம் என்ன காட்ட வேண்டும் என்பது. தாதியின் ஏழு அட்டைகளுக்கும் அது 0:00, 0:30, 1:50, 3:20, 4:50, 5:50, 7:00. கண்ணால் அட்டையை ஒருமுறை, கடிகாரத்தை ஒருமுறை பார்த்தால் முந்துகிறோமா பிந்துகிறோமா என்று தெரிந்துவிடும். சில அரங்குகளில் எதிரே இருக்கும் கடிகாரம் 10:00-இலிருந்து இறங்கி வரும். அப்படியென்றால் அட்டையிலும் 10:00, 9:30, 8:10 என்று இறங்கு கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

எல்லா அட்டையிலும் நேரம் எழுதினாலும், எல்லா அட்டையிலும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பவரைக் கண்டால் கூட்டமும் மணி பார்க்கத் தொடங்கிவிடும். மூன்று இடங்களில் மட்டும் நேரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம்: 1:50, 4:50, 7:00. முதலாவது, காரணங்களை விளக்குவதில் நீண்டுவிட்டாரா என்று காட்டும். இரண்டாவது, முடிவெடுக்கும் இடம். 4:50 இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம் 5:20-ஐத் தாண்டியிருந்தால், நக அட்டையில் "நேரா வெட்டுங்க, ஓரத்தைக் குடைய வேண்டாம்" என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டுக் காலணிக்குப் போய்விட வேண்டும். அந்த விதியையும் அட்டையின் ஓரத்திலேயே எழுதினோம்: '5:20க்கு மேல் = 1 வரி'. மூன்றாவது, எது நடந்தாலும் ஆபத்து அட்டைக்கு மாறும் நேரம்.

ஒத்திகையை மூன்று முறை பார்க்கச் சொன்னேன். நின்றுகொண்டு, சத்தமாக, கையில் அட்டையோடு, பொத்தானை அழுத்தியபடி. நடுவில் தப்பினாலும் நிறுத்தித் திரும்பத் தொடங்கக் கூடாது. மேடையில் திரும்பத் தொடங்க முடியாதே. ஒவ்வொரு முறையும் 'Lap' நேரத்தை அட்டையின் அடியில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை முடிந்ததும் அந்தப் பென்சில் எண்கள் நிறையச் சொல்லும்.

ஒரே அட்டை மூன்று முறையும் ஏறக்குறைய அதே அளவு பிந்துகிறது என்றால் அட்டையில் சரக்கு அதிகம், வெட்டுங்கள். ஒரு அட்டை ஒருமுறை 50 விநாடி, ஒருமுறை 2 நிமிடம் என்று ஆடுகிறது என்றால் அதில் வெட்ட ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. பெரும்பாலும் அங்கே ஒரு கதையோ உதாரணமோ இருக்கும். அந்த ஒன்றை மட்டும் முழுதாக எழுதி, நாலு வாக்கியத்தில் கட்டுங்கள். எல்லா அட்டையும் ஒரே விகிதத்தில் பிந்துகின்றன என்றால் கணக்கே தவறு: அளந்தபோது பேசிய வேகத்தில் நீங்கள் இப்போது பேசவில்லை. ஒத்திகை வேகத்தை வைத்து நேரங்களை மறுபடி எழுதுங்கள். தாதிக்கு ஆடியது தினமும் காலைப் பார்க்கும் அட்டை. வெந்நீரில் கால் வைத்துச் சூடு தெரியாமல் வெந்துபோன ஒருவரின் கதை அதில் இருந்தது. சொல்லும்போதெல்லாம் அது நீண்டுகொண்டே போனது. நாலு வரியாகக் கட்டிய பிறகு அட்டை 1:30-இல் நின்றது.

பவர்பாயிண்டிலேயே ஒத்திகை நேரத்தை அளக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. Slide Show பட்டியில் 'Rehearse Timings' என்பதை அழுத்திப் பேசினால், ஒவ்வொரு படவில்லைக்கும் ஆன நேரத்தை அது தானே குறித்துக்கொள்ளும். Slide Sorter காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த நேரத்தைப் பார்க்கலாம். அளப்பதற்கு நல்ல கருவிதான். ஆனால் முடியும்போது இந்த நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும்; 'Yes' என்று சொல்லிவிட்டால் அதோடு ஒரு வில்லங்கமும் சேர்ந்து வரும். அதன் பிறகு படவில்லைகள் அந்த நேரப்படி தானாகவே மாறத் தொடங்கிவிடும். மேடையில் நீங்கள் ஒரு பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் படம் நகத்துக்குப் போய்விடும். பேச்சாளர் கணினியை முறைக்கும் காட்சியைப் பார்த்திருந்தால், பல நேரம் காரணம் இதுதான். நேரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு, அதே Slide Show பட்டியில் 'Use Timings' என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். பிறகு ஒருமுறை காட்சியை ஓடவிட்டு, முதல் படவில்லையில் கைவைக்காமல் ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். அசையாமல் நின்றால் சரி.

படவில்லையின் வரிசையைப் பின்னால் மாற்றினால் அட்டையையும் அன்றே மாற்ற வேண்டும். முந்தின இரவு ஒரு படத்தை நுழைத்துவிட்டு அட்டையை விட்டுவிட்டால், முக்கோணக் குறிகள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போய்விடும். அதனால்தான் அட்டைகளைக் கடைசி இரண்டு நாளில் எழுதுவது நல்லது. அதுவரை வேர்ட் கோப்பிலேயே வைத்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கலாம்.

நம் கூட்டங்களுக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. வரவேற்புரை நீண்டு, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து, உங்கள் முறை வரும்போது "ஏழு நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்று காதோடு சொல்வார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார் தாதி. நகம், காலணி ஆகிய இரண்டு அட்டைகளின் மூலையை மஞ்சள் நிறமாக்கியிருந்தார். அவை இரண்டும் போனால் 2 நிமிடம் 10 விநாடி குறையும். பேச்சு 6:50-இல் முடியும். ஆபத்து அட்டைக்கு உரிய இரண்டு நிமிடம் அப்படியே இருக்கும். அந்த இரண்டு படவில்லைகளைக் கடந்துபோக, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் 7-ஐத் தட்டி Enter அழுத்தினால் நேரே ஏழாவது படவில்லைக்குப் போய்விடும். ஆனால் மேடையில் கையில் இருப்பது சிறு பொத்தான் கருவி மட்டும் என்றால் அது முடியாது. மூன்று முறை விரைந்து அழுத்தி, பேசாமல் கடந்துவிட வேண்டியதுதான். அந்த மூன்று அழுத்தலையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். படங்களுக்குள் வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி அசைவு வைத்திருந்தால் மூன்று என்பது பத்தாகிவிடும்.

ஸ்டாப்வாட்சை எப்போது தொடங்குவது என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நெறியாளர் உங்கள் பெயரைச் சொல்லும்போது அல்ல. நீங்கள் "வணக்கம்" சொல்லும்போது. கைபேசியின் திரை தானாக அணைந்துவிடாதபடி அமைத்து, அழைப்பு வராமல் விமானப் பயண நிலையில் வைத்து, மேசையில் அட்டைகளுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். மேசை இல்லாத மேடை என்றால் முன்வரிசையில் உட்காரும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மணியடிப்பவர் வழக்கமாக ஒன்பதாவது நிமிடத்தில்தான் அடிப்பார். தாதிக்கு அது தாமதம். அவருக்கு வேண்டியது 7:00-இல் ஒரு கை உயர்வது. தன் தோழியின் கையில் அந்த எண்ணை மட்டும் பெரிதாக எழுதிய எட்டாவது அட்டை ஒன்றைக் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.